18.20 யூரோவுக்காக ஒரு மின்னஞ்சல்

பிரான்சில் சம்பளம் தரும்போது கூடவே ஒரு சம்பளச் சீட்டையும் தொழிலாளிக்குத் தந்தாக வேண்டும் என்பது சட்டம். அரசு ஏடுகளில் அதன் பெயர் ‘புல்தேன் த பே’. வேலைத்தலங்களில் ‘ஃபீஷ் த பே’ என்பார்கள். அந்தச் சீட்டில் பெரும்பாலானோர் பார்ப்பது அடியில் இருக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான்: வங்கிக்கு எவ்வளவு வந்தது. அது போன மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். தவறுகள் அந்தக் கடைசி எண்ணில் தெரிவதில்லை. மேலே, மணிக்கணக்கு எழுதியிருக்கும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கின்றன.

அந்த வரிகளில் தவறு கண்டால் சம்பளப் பிரிவுக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்பதைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு உணவகச் சமையலறையைத் தேர்ந்தெடுக்கிறேன். 1980களிலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலரின் முதல் வேலை அங்கேதான் தொடங்கியது என்பது ஒரு காரணம். ஓவர்டைம் கணக்கு மிகவும் சிக்கலாக இருக்கும் தொழில்களில் அதுவும் ஒன்று என்பது இன்னொரு காரணம்.

பிரான்சில் வாரத்துக்கு 35 மணி நேரம்தான் சட்டப்படியான வேலை. சம்பளம் மாதக்கணக்கில் தரப்படுவதால் 35ஐ 52 வாரங்களால் பெருக்கி 12 மாதங்களால் வகுக்கிறார்கள். வருவது 151.67. முழுநேர வேலை செய்பவரின் சீட்டில் முதல் வரியில் இந்த எண் இருக்கும். மாதத்தில் 30 நாளா, 31 நாளா என்பதைப் பற்றி அது கவலைப்படாது. எல்லா மாதமும் அதே எண்தான்.

35ஐத் தாண்டிய ஒவ்வொரு மணியும் ஓவர்டைம். அதற்கு வழக்கமான கூலிக்கு மேல் ஒரு விழுக்காடு கூட்டித் தர வேண்டும். பொதுச் சட்டத்தில் முதல் 8 மணிக்கு 25 விழுக்காடு, அதற்கு மேல் 50. ஆனால் தொழில்துறை வாரியான கூட்டு ஒப்பந்தம் வேறு விகிதம் வைத்துக்கொள்ளலாம், 10 விழுக்காட்டுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. ஓட்டல், காப்பிக்கடை, உணவகத் துறை அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே 36ஆம் மணியிலிருந்து 39 வரை 10 விழுக்காடு. 40இலிருந்து 43 வரை 20. 44ஆம் மணியிலிருந்து 50. உணவகத்தில் வேலை செய்பவர் “எனக்கு 25 விழுக்காடு தரவில்லை” என்று எழுதினால் கடிதம் முதல் வரியிலேயே தோற்றுவிடும். எந்தக் கூட்டு ஒப்பந்தம் தனக்குப் பொருந்தும் என்பது சீட்டின் மேற்பகுதியிலேயே அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஓவர்டைமை வாரத்துக்கு வாரம் எண்ண வேண்டும், மாதத்துக்கு மாதம் அல்ல. வாரம் என்பது திங்கட்கிழமை காலை 0 மணி முதல் ஞாயிறு இரவு 24 மணி வரை. நான் இங்கே எடுத்துக்கொள்ளும் தவறு இந்த விதியில்தான் நடக்கிறது.

சில உணவகங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் சமையல் உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்வோம். வாரம் 35 மணி ஒப்பந்தம், மணிக்கு 13 யூரோ மொத்தக் கூலி. மொத்தம் என்றால் சமூகக் காப்பீட்டுப் பிடித்தங்களுக்கு முந்தைய தொகை, பிரெஞ்சில் ‘ப்ருத்’. மாதம் 2025 செப்டம்பர். அந்த மாதம் திங்கட்கிழமை தொடங்கியது, நடுவில் பொது விடுமுறை எதுவும் கிடையாது, அதனால் கணக்குக்கு வசதி. முதல் வாரம் அவர் 35 மணி வேலை செய்தார். 8ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் ஒருவர் வராததால் 41 மணி. 15ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் 45 மணி. நான்காவது வாரம் மறுபடி 35.

மொத்தம் 16 மணி ஓவர்டைம். சீட்டைப் பார்த்தால் அதிலும் 16 மணி என்றுதான் இருக்கிறது. 16 மணி, 10 விழுக்காடு கூட்டி, மணிக்கு 14.30 வீதம் 228.80 யூரோ. மணி எண்ணிக்கை சரியாக இருப்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் வாரங்களைப் பிரித்துப் பாருங்கள். 41 மணி வேலை செய்த வாரத்தில் முதல் 4 மணிக்கு 10 விழுக்காடு, அடுத்த 2 மணிக்கு 20. 45 மணி வாரத்தில் 4 மணிக்கு 10, 4 மணிக்கு 20, மீதி 2 மணிக்கு 50. சேர்த்தால் 10 விழுக்காட்டில் 8 மணி, அது 114.40 யூரோ. 20 விழுக்காட்டில் 6 மணி, 93.60. 50 விழுக்காட்டில் 2 மணி, 39.00. மொத்தம் 247 யூரோ. வித்தியாசம் 18.20.

நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. யாரோ 16 மணியை நான்கு வாரத்துக்கும் சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு 4 மணி ஆகிவிட்டது. 39ஐத் தாண்டாததால் எல்லாம் 10 விழுக்காட்டுப் படியில் விழுந்துவிட்டது. கிளை மேலாளர் மாதத்தின் மொத்த மணியை மட்டும் தலைமையகத்துக்கு அனுப்பினால் இப்படி ஆகும். சம்பளப் பிரிவில் இருப்பவர் சமையலறையைப் பார்த்தவர் அல்லர். அவர் கைக்கு வந்தது 16 என்ற ஒரே எண். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். அவருக்கு இல்லாமல் போனது வாரக் கணக்கு. அதைத்தான் நாம் தர வேண்டும்.

எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டைச் சரிபார்த்துக்கொள்வது முக்கியம். இவற்றை விட்டுவிட்டு எழுதினால் தவறில்லாத இடத்தில் தவறு சொன்னதாகிவிடும், அடுத்த முறை உண்மையான தவறைச் சொன்னாலும் காது கொடுக்க மாட்டார்கள்.

முதலாவது, கணக்கு மூடும் தேதி. பல நிறுவனங்கள் மாதத்தின் மாறும் விவரங்களை 20ஆம் தேதி வாக்கில் மூடிவிடுகின்றன. ஓவர்டைம், விடுப்பு, உணவுப்படி எல்லாம் இதில் அடங்கும். அதற்குப் பிறகு செய்த ஓவர்டைம் அடுத்த மாதச் சீட்டில் வரும். 25ஆம் தேதி செய்த 3 மணியைக் காணோம் என்றால் அது தவறாக இருக்க வேண்டியதில்லை, தாமதமாக இருக்கலாம். ஆனால் நம் எடுத்துக்காட்டில் 16 மணியும் சீட்டில் ஏறிவிட்டது, விகிதம்தான் தவறு. அதற்குத் தேதி காரணமாக முடியாது.

இரண்டாவது இதைவிட நுட்பமானது. சில இடங்களில் வேலை நேரத்தைப் பல வாரங்களுக்குச் சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாடு முறைப்படியே இருக்கும். 50 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்தில் முதலாளி தாமாகவே 9 வாரம் வரையிலும், 50 பேரும் அதற்கு மேலும் இருந்தால் 4 வாரம் வரையிலும் இப்படிச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் இன்னும் நீளலாம். அப்படி ஓர் ஏற்பாடு உண்மையிலேயே இருந்தால், மேலே நான் தவறு என்று சொன்ன அந்தச் சராசரிக் கணக்கு சட்டப்படி சரியாகவே இருக்கக்கூடும். வேலை ஒப்பந்தத்திலோ அறிவிப்புப் பலகையிலோ அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வாரக் கணக்குதான் விதி. சிறிதளவு ஐயம் இருந்தாலும் மின்னஞ்சலில் அதையே கேள்வியாகக் கேட்டுவிடலாம்.

39 மணி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உணவகத் துறையில் அது மிகவும் வழக்கம். அவர்களுடைய சீட்டில் 151.67க்குக் கீழே 17.33 மணி என்று இன்னொரு வரி நிரந்தரமாக இருக்கும். வாரத்துக்கு 4 மணி ஓவர்டைமை மாதத்துக்கு மாற்றிய எண் அது. அவர்கள் புதிதாக எண்ண வேண்டியது 40ஆம் மணியிலிருந்துதான்.

ஓவர்டைம் செய்த வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். விடுப்பு நாள் உண்மையில் வேலை செய்த நேரம் அல்ல என்று அதை ஒதுக்கிவிட்டு ஓவர்டைம் கணக்கிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமான கூர் த கஸாசியோன் 2025 செப்டம்பர் 10 அன்று அதை மாற்றியது. வாரக் கணக்கில் ஓவர்டைம் எண்ணப்படும் இடங்களில் அந்த விடுப்பு நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது தீர்ப்பு. பழைய வழக்கத்திலேயே சம்பள மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் தவறு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

இனி மின்னஞ்சல். நம் சமையல் உதவியாளர் அனுப்ப வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

```
Objet : Bulletin de paie de septembre 2025 – heures supplémentaires – demande de rectification

Madame, Monsieur,

Sauf erreur de ma part, mon bulletin de septembre comporte une erreur sur les heures supplémentaires.

Payé : 16 h à 10 %, soit 228,80 € brut.
Effectué : 41 h du 8 au 14 ; 45 h du 15 au 21.
Dû : 8 h à 10 %, 6 h à 20 %, 2 h à 50 %, soit 247,00 € brut.
Écart : 18,20 € brut.

Je vous remercie de bien vouloir vérifier ce point et de régulariser cette somme sur le bulletin d'octobre.

Cordialement,
```

கையெழுத்துக்குக் கீழே முழுப்பெயர், பணியாளர் எண், எந்தக் கிளை. இணைப்பில் சீட்டும், மணிக்கணக்குத் தாளும்.

தலைப்பு வரியில் எந்த மாதம், எந்த வரி, என்ன வேண்டும் என்ற மூன்றும் வந்துவிட்டன. சம்பளப் பிரிவுக்கு மாத முதல் வாரத்தில் வரும் கடிதங்கள் ஏராளம். ‘சம்பளம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் தாங்கி வரும் கடிதம் அடியில் போய்விடும். உள்ளே தொடங்கும் முதல் ஐந்து சொற்கள், ‘என் பக்கம் தவறில்லையென்றால்’ என்ற பொருளில் வருபவை. பிரெஞ்சு அலுவலகங்களில் இதைக் கெஞ்சுவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எதிரில் இருப்பவருக்கு முகம் கொடுத்துவிட்டுக் கணக்கைப் பேச விடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் நான்கு வரிகளில் உணர்ச்சி எதுவும் இல்லை: கொடுத்தது, செய்தது, கொடுக்க வேண்டியது, வித்தியாசம். சம்பளப் பிரிவில் இருப்பவர் அப்படியே மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். “எப்போதும் இப்படித்தான் செய்கிறீர்கள்” என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும், அவர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், கணக்கு ஓரமாகப் போய்விடும்.

தொகையை மொத்தக் கூலியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓவர்டைம் கூலியில் தொழிலாளியின் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் சலுகை விகிதத்தில் இருக்கிறது. வருமான வரியும் ஆண்டுக்கு 7,500 யூரோ வரை கிடையாது. அதனால் 18.20 மொத்தக் கூலி கைக்கு எவ்வளவாக வரும் என்று நாமே கணக்கிட்டு எழுதினால் சில சென்ட் பிசகும். அந்தப் பிசகு முழுக் கணக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கைக்கு வருவதைக் கணக்கிடுவது அவர்கள் வேலை.

அனுப்பும் வழியில் சின்னச் சின்னக் கவனங்கள் வேண்டும். சம்பளச் சீட்டில் சமூகக் காப்பீட்டு எண் இருக்கிறது. அதை ஊரெல்லாம் பிரதி போட்டு அனுப்பக் கூடாது. மணிக்கணக்கை உறுதிசெய்த மேலாளர் ஒருவருக்கு மட்டும் பிரதி போதும், அவருக்குச் சீட்டு இணைப்பு தேவையில்லை. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பினால் வேலையை விட்ட நாளில் அந்தக் கடிதம் கைவிட்டுப் போகும், ஆகவே சொந்த முகவரியே நல்லது. சின்ன உணவகங்களில் சீட்டை வெளியே ஒரு கணக்காயர் அலுவலகம் தயாரிக்கும். அப்போதும் கடிதம் முதலாளிக்குத்தான் போக வேண்டும். சம்பளம் தரும் கடமை அவருடையது, கணக்காயருடையது அல்ல.

எப்போது அனுப்புவது? சீட்டு கிடைத்த சில நாள்களுக்குள். அடுத்த மாதக் கணக்கை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் திருத்தம் அடுத்த சீட்டிலேயே வந்துவிடும். நிறுவனங்கள் ஒவ்வொரு மாதமும் எல்லாத் தொழிலாளர்களின் சம்பள விவரத்தையும் ‘தே-எஸ்-என்’ என்ற மின்னணு அறிக்கையாக அரசுக்கு அனுப்புகின்றன. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள், மற்றவை 15ஆம் தேதிக்குள். அது போய்விட்ட பிறகு பழைய மாதத்தைத் திறப்பதைவிட, அடுத்த மாதத்தில் ‘செப்டம்பர் ஓவர்டைம் பாக்கி’ என்று ஒரு வரி சேர்ப்பது அவர்களுக்கு எளிது. சிறிய தொகைக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம். அடிப்படைச் சம்பளமோ பதவி நிலையோ தவறாக இருந்தால், அல்லது அந்தச் சீட்டை வீடு வாடகைக்கோ வதிவிட அட்டைக்கோ காட்ட வேண்டியிருந்தால், பழைய மாதத்துக்கே திருத்திய சீட்டு வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். எது வேண்டும் என்பதைச் சொல்லாமல் “சரிசெய்யுங்கள்” என்று மட்டும் எழுதுவது பாதிக் கடிதம்தான்.

மணிக்கணக்குக்கு ஆதாரம் என்ன என்ற கேள்வி வரும். எல்லோருக்கும் ஒரே வேலை நேரம் இல்லாத இடங்களில் ஒவ்வொருவரின் மணியையும் நாள்தோறும் பதிந்து, வாரந்தோறும் கூட்டி வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. அந்தப் பதிவைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. வழக்கென்று வந்தால் ஆதாரச் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. தொழிலாளி போதுமான அளவு துல்லியமான விவரம் தந்தால் போதும், பதில் சொல்ல வேண்டியது முதலாளி. 2020 மார்ச் 18இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் தெளிவாகச் சொன்னது. ஆகவே வந்த நேரம், போன நேரம், இடைவேளை என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவைப்பது வீண் வேலை அல்ல. மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய நோட்டு அதற்கு ஈடாகாது. எல்லா நாளும் ஒரே நேரம் எழுதியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டோமே, உரிமை போயிற்றோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். போகவில்லை. மறுப்புச் சொல்லாமல் சீட்டை ஏற்றுக்கொண்டதாலேயே ஒருவர் தம் கூலியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கால எல்லை உண்டு. கூலிப் பாக்கியைக் கேட்க 3 ஆண்டு. இந்த 3 ஆண்டு இரு பக்கத்துக்கும் பொருந்தும். தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்ததை முதலாளியும் அந்தக் காலத்துக்குள் திரும்பக் கேட்கலாம். நமக்குச் சாதகமான தவறைக் கண்டாலும் உடனே எழுதிவிடுவதே நல்லது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். செலவழித்த பிறகு பல மாதத்துக்குச் சேர்த்துத் திருப்பித் தருவது கடினம்.

பலருக்குத் தெரியாத ஒன்று, மின்னஞ்சல் அனுப்புவதால் அந்த 3 ஆண்டுக் கடிகாரம் நிற்காது என்பது. பதிவுத் தபாலில் அனுப்பினாலும் நிற்காது. ‘ப்ரூதோம்’ எனப்படும் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தால்தான் நிற்கும். “பார்க்கிறோம்” என்ற பதிலை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவரின் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே முதல் மின்னஞ்சலுக்குப் பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் மேலேயே ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். புதிய கடிதமாகத் தொடங்கினால் பழைய தேதி மறைந்துவிடும். அடுத்த சீட்டிலும் திருத்தம் இல்லையென்றால், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும் பதிவுத் தபாலில் அதே கணக்கை அனுப்ப வேண்டும். அதற்குள் நிறுவனத்தில் ஊழியர் பிரதிநிதி இருந்தால் அவரிடமும் சொல்லலாம். தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகம் விளக்கம் தரும், சட்ட மீறல் இருந்தால் தலையிடும். ஆனால் குறிப்பிட்ட தொகையைக் கொடு என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் ப்ரூதோமுக்கே உண்டு. அங்கே வழக்கறிஞர் கட்டாயமில்லை. தகராறுக்கே இடமில்லாத தொகைக்கு விரைவு விசாரணை முறையும் இருக்கிறது.

18.20 யூரோவுக்காக யாரும் அதுவரை போக மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் தவறு ஒரு மாதத்தோடு நிற்கும் வகையைச் சேர்ந்தது அல்ல. மாத மொத்தம் மட்டும் அனுப்பும் பழக்கம் அந்தக் கிளையில் இருக்கும்வரை, கூடுதல் மணி செய்த ஒவ்வொரு மாதமும் அது திரும்ப வரும், அதே சமையலறையில் நிற்கும் எல்லோருடைய சீட்டிலும் வரும். மாதத்துக்கு 18.20 என்றே வைத்துக்கொண்டாலும் 3 ஆண்டுக்கு 655.20 யூரோ ஆகிறது. அதனால் திருத்தம் வந்த பிறகு இன்னொரு வரி எழுதிக் கேட்பது நல்லது: இனி மணிக்கணக்கை வாரவாரியாக எடுத்துக்கொள்வீர்களா, முந்தைய மாதங்களையும் அதே முறையில் பார்த்துச் சொல்வீர்களா? பழைய சீட்டுகள் அதற்குக் கையில் இருக்க வேண்டும். சீட்டை எக்காலமும் பத்திரப்படுத்துங்கள் என்று ஒவ்வொரு சீட்டிலும் அச்சிட்டிருப்பார்கள். முதலாளி தன் பிரதியை வைத்திருக்க வேண்டியதோ 5 ஆண்டு மட்டுமே.